சந்தேகமா? ‘ஆம்’ பெட்டியில் குறி போடுங்கள்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முதல்முறை விமானம் ஏறும் பெற்றோர், தரையிறங்கும் முன் நிரப்ப வேண்டிய அட்டை

மகனோ மகளோ போனில் சொல்லி அனுப்பும் அறிவுரைகளில் ஒன்று பல குடும்பங்களில் அப்படியே கைமாறி வருகிறது: “அம்மா, ஃப்ளைட்ல ஒரு கார்டு குடுப்பாங்க. பேரு, பாஸ்போர்ட் நம்பர் எழுதிட்டு, கீழே இருக்கிற கேள்விக்கெல்லாம் ‘நோ’ போட்டுடுங்க. அப்பத்தான் சீக்கிரம் வெளிய விடுவாங்க.”

அன்போடு சொல்லப்படும் இந்த அறிவுரைதான் விமான நிலையத்தில் ஆகப் பெரிய தொல்லையைக் கொண்டுவருகிறது. ஆஸ்திரேலியாவின் வருகைப் பயணி அட்டையிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு வரி அச்சாகியிருக்கிறது. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் குறியுங்கள், நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் ‘ஆம்’ பெட்டியில் பெருக்கல் குறி போடுங்கள் என்கிறது அந்த வரி. அட்டையை இந்த ஒரு வரியிலிருந்து படிக்கத் தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கொழும்பிலோ விமானம் மாறித்தான் சிட்னி, மெல்பர்ன் போய்ச் சேர்கிறார்கள். இரண்டாவது விமானத்தில்தான் பணியாளர்கள் அந்த நீள அட்டையைக் கொடுப்பார்கள். குவாண்டாஸ் நிறுவனத்தின் சில விமானங்களில் 2024 அக்டோபர் முதல் இதே கேள்விகளைக் கைப்பேசியில் நிரப்பும் சோதனை முறை தொடங்கியிருக்கிறது. பழைய முறையில் போகிறவர்களுக்குத் தாள் அட்டைதான். ஆளுக்கு ஒன்று. கைக்குழந்தைக்கும் தனி அட்டை உண்டு, அதில் பெற்றோர் கையெழுத்துப் போடலாம். நீலம் அல்லது கறுப்பு மையில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நிரப்ப வேண்டும். பேனாவை விமானத்தில் தேடி அலைவதைவிடச் சட்டைப்பையில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

முதல் இரண்டு கட்டங்கள் குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத நம்மவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும், முழுப் பெயரும் சொந்தப் பெயர் வரியில் அச்சாகியிருக்கும். சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், ரேஷன் கார்டில் இனிஷியல் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் பார்த்து எழுத வேண்டும். ஒரே பெயர் உள்ளவர்கள் விசா வந்தபோது கிடைத்த கடிதத்தைப் பார்க்கலாம். அதில் பெயர் எந்த வரியில் பதிவாகியிருக்கிறதோ, அட்டையிலும் அதே வரியில் எழுதினால் அதிகாரியின் திரையும் அட்டையும் ஒத்துப்போகும். கடிதத்தை ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்திருப்பது இதற்காகவே.

விமான எண் கேட்கும் இடத்தில் பலர் சென்னையில் ஏறிய விமானத்தின் எண்ணை எழுதிவிடுகிறார்கள். கேட்பது ஆஸ்திரேலியாவில் தரையிறங்கும் விமானத்தின் எண்ணை. பின்பக்கத்தில், இந்த விமானத்தில் எந்த நாட்டில் ஏறினீர்கள் என்று இன்னொரு கேள்வி வரும். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்ற நினைப்பில் கை தானாகவே இந்தியா என்று எழுதப் போகும். சிங்கப்பூரில் மாறியிருந்தால் பதில் சிங்கப்பூர்.  

தங்கும் முகவரி முழுதாக வேண்டும்: வீட்டு எண், தெரு, பகுதி, மாநிலம், நான்கு இலக்க அஞ்சல் எண். மகன் வீடு மெல்பர்னில் என்று மட்டும் எழுதினால் போதாது. கிளம்புவதற்கு முன்பே முகவரியையும் மகனின் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் போன் அணைந்திருக்கும், வாட்ஸ்அப்பில் தேட முடியாது.

அடுத்த 12 மாதம் ஆஸ்திரேலியாவில் வசிக்க நினைக்கிறீர்களா என்ற கேள்வி வந்ததும் விசாவின் காலத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். விசா ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் என்பது வேறு, நீங்கள் இருக்கப்போகும் காலம் வேறு. மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்குப் பதில் ‘இல்லை’. பின்பக்கத்தில் தற்காலிக வருகையாளர் பகுதியில் அந்த மூன்று மாதத்தை எழுதி, வரும் காரணமாக உறவினரைப் பார்ப்பது என்பதில் மட்டும் குறி போட வேண்டும். பேரக்குழந்தையைக் கவனித்துக்கொள்ளப் போகிறோம், ஊரையும் சுற்றிப் பார்ப்போம் என்று இரண்டு மூன்று காரணங்களில் குறி போடுகிறவர்கள் உண்டு. முதன்மைக் காரணம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். காசநோய் இருக்கிறதா என்ற கேள்வியும் நிகழ்காலத்தில் கேட்கப்படுவது. இளவயதில் வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள் அதைப் படித்துப் பதற வேண்டாம்.

நடுவில் இருக்கும் 11 கேள்விகள்

அட்டையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. முதல் ஐந்து கேள்விகள் மருந்து, மது, சிகரெட், பொருளின் விலை, பணம் ஆகியவை பற்றியவை. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை உணவு, விதை, விலங்கு, மண், பண்ணை. பதினொன்றாவது, கடந்த ஆறு நாட்களில் ஆப்பிரிக்கா, தென்-மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளில் இருந்தீர்களா என்று மஞ்சள் காய்ச்சலுக்காகக் கேட்பது. சென்னையிலிருந்து நேராக வருகிறவருக்கு அதில் ‘இல்லை’ என்று போட்டு நகர்ந்துவிடலாம்.

மற்றவற்றுக்கு ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். கணவருக்கு 68 வயது, கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. அம்மாவுக்குச் சர்க்கரை. மெல்பர்னில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம். பெட்டியில் இருப்பவை: ஐந்து கிலோ பொன்னி அரிசி, துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, கடையில் வாங்கிய மாங்காய் ஊறுகாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, குழந்தைக்கு ஒன்றரைப் பவுன் சங்கிலி, மூன்று மாதத்துக்கான மாத்திரைகள், பிரசவ லேகியம். அவர் கழுத்தில் ருத்ராட்சம்.

மாத்திரையிலிருந்து தொடங்குவோம். முதல் கேள்வி தடை செய்யப்பட்ட அல்லது கட்டுப்பாடுள்ள பொருட்கள் என்று தொடங்கி, போதைப்பொருள், ஆயுதம் எல்லாவற்றையும் அடுக்குகிறது. படித்ததும் ‘நமக்கு எதற்கு’ என்று ‘இல்லை’ போடத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலின் முதல் சொற்களில் ஒன்று மருந்து. சர்க்கரை மாத்திரையும் மருந்துதான், எனவே ‘ஆம்’. மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவும், மருந்துகளின் மூலப் பெயர் தெரியும்படி ஆங்கிலத்தில் டாக்டர் எழுதிய சீட்டும், பிரிக்காத அசல் அட்டைகளும் இருந்தால் அதிகாரி பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் போட்டுக் கொண்டுபோவதுதான் சிக்கல்.

சங்கிலி மூன்றாவது கேள்வியில் வரும். பெரியவர் ஒருவர் கொண்டுவரும் பொருட்களின் விலை, அன்பளிப்பு உட்பட, 900 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறதா என்று கேட்கிறார்கள். இன்றைய தங்க விலையில் ஒன்றரைப் பவுன் அதைத் தாண்டிவிடும். பல ஆண்டுகளாகத் தானே போட்டுப் பயன்படுத்தும் நகை வேறு கணக்கு, பேத்திக்கென்று புதிதாக வாங்கியது இந்தக் கணக்கு. சேர்ந்து பயணம் செய்யும் குடும்பத்தினர் தங்கள் சலுகையைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் கணவன் மனைவி இருவருக்குமாக 1,800 டாலர் வரை இடமிருக்கிறது. அதையும் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வகைப் பொருள் முழுவதற்கும் வரி விழும். கடை ரசீதைக் கையில் வைத்திருந்தால் விலையைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்தாவது கேள்வி 10,000 ஆஸ்திரேலிய டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் இருக்கிறதா என்பது. ரூபாய், அமெரிக்க டாலர் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. இதற்கு ‘ஆம்’ போட்டால் பணத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பயம் உலவுகிறது. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அதற்கு வரியும் கிடையாது. சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம்.

அரிசியைப் பார்த்து ஏன் அஞ்சுகிறார்கள்?

ஆறாவது கேள்வியும் ஏழாவதும்தான் நம் பெட்டியின் பெரும்பகுதியைத் தொடுகின்றன. இங்கே ‘இல்லை’ போடுகிறவர்கள் மோசடிக்காரர்கள் அல்ல. சமைத்துச் சாப்பிடும் பொருளில் என்ன குற்றம் இருக்க முடியும் என்று உண்மையாகவே நினைக்கிறார்கள். காரணம் தெரிந்தால் அந்த நினைப்பு மாறும்.

கப்ரா என்றொரு வண்டு இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. முழு வளர்ச்சியடைந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் புழு சாக்கின் தையலிலும் பெட்டியின் இடுக்கிலும் புகுந்துகொண்டு, உணவே இல்லாமல் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். ஒருமுறை தானியக் கிடங்கில் நுழைந்துவிட்டால், அது உதிர்க்கும் தோலும் ரோமமும் கலந்து தானியம் சாப்பிட லாயக்கில்லாமல் போகும். கோதுமையை ஏற்றுமதி செய்து பிழைக்கும் ஒரு நாட்டுக்கு அந்த வண்டு வந்துவிட்டது என்ற செய்தியே போதும், வாங்கும் நாடுகள் கதவைச் சாத்திவிடும். அதனால் 2020 அக்டோபர் முதல், அந்த வண்டு ஒட்டி வரக்கூடிய பொருட்களைப் பயணிகள் கொண்டுவரவே கூடாது என்று ஆஸ்திரேலியா தடைபோட்டது. அரிசி, கோதுமை, கடலை, துவரை, பயறு, உளுந்து, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் என்று நீளும் அந்தப் பட்டியல் நம் மளிகைச் சீட்டைப் போலவே இருக்கும். நிறுவனங்கள் வறுத்து, வேகவைத்து, பொரித்துப் பொட்டலமாக்கிய பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டு வாணலியில் வறுத்தது அந்த விலக்கில் சேராது.

ஆக, நம் தம்பதியின் பொன்னி அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி நான்கும் மெல்பர்ன் வாசலோடு சரி. இவற்றை ஊரிலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. மெல்பர்னிலும் சிட்னியிலும் இந்திய மளிகைக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கின்றன. ஐந்து கிலோ இடத்தை வேறெதற்காவது பயன்படுத்தலாம்.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சின்னஞ்சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். இளந்துளிரில் இருக்கும் முட்டை எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே இடமில்லை.

பால்கோவாவின் கதை கோமாரி நோய். மாடு வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, நுரை தள்ளி, கறவை நின்றுபோகும் அந்த நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு அது தலைகாட்டவில்லை. அந்தக் கிருமி இறைச்சியிலும் பாலிலும் பயணம் செய்யும், செருப்பில் ஒட்டிய சாணியிலும் பயணம் செய்யும். இதனால்தான் நோய் உள்ள நாடுகளின் பால் பொருட்களை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். பர்ஃபி, பேடா, குலாப் ஜாமூன் போன்ற பால் இனிப்புகள் வேண்டாம் என்று தீபாவளியை ஒட்டி அந்நாட்டு வேளாண் துறை அறிவிப்பும் வெளியிட்டிருக்கிறது.

பத்தாவது கேள்வி இங்கேதான் வந்து சேர்கிறது. கடந்த 30 நாட்களில் பண்ணை, பண்ணை விலங்குகள், காடு, நன்னீர் ஓடை, ஏரி ஆகியவற்றோடு தொடர்பு இருந்ததா? கிராமத்திலிருந்து கிளம்பும் நம்மவருக்கு இதைவிட எளிதான கேள்வி இல்லை, ஆனாலும் அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுவாகத்தான் இருக்கும். பண்ணை என்றால் நூறு ஏக்கர் தோட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மாலையில் விமானம் ஏறியவர் போட வேண்டியது ‘ஆம்’. அதன் விளைவு பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான்: எந்தச் செருப்பு போட்டிருந்தீர்கள், அது பெட்டியில் இருக்கிறதா? மண் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்து கொடுப்பார்கள். கிளம்பும் முன்பே அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டால் அதுவும் மிச்சம்.

லேகியமும் ருத்ராட்சமும் மீதி இருக்கின்றன. நாட்டு மருந்தும் மூலிகையும் விதையும் மரப்பொருளும் ஏழாவது கேள்வியில் வரும். ருத்ராட்சம் ஒரு விதை என்பது கழுத்தில் போட்டிருப்பவருக்கே நினைவு வராது. மயிலிறகு, சங்கு, தேன் இருந்தால் எட்டாவது கேள்வி. பூஜைப் பையில் இருப்பதாலேயே ஒரு பொருளுக்கு விலக்கு கிடைத்துவிடாது. கோயில் பிரசாதமும் உணவுதான்.

‘ஆம்’ போட்ட பிறகு

அட்டையில் ‘ஆம்’ இருந்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு வரும்போது சோதனை வரிசைக்கு அனுப்புவார்கள். அங்கே மேசையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே, அல்லது மோப்ப நாய். உணவுப் பொருளை எல்லாம் ஒரே பையில் போட்டுப் பெட்டியின் மேல்பக்கம் வைத்து, என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வைத்துவிட்டால் வேலை விரைவில் முடியும். இந்தச் சீட்டைப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். ‘எல்லாத்துக்கும் நோ’ என்பதைவிட அது நூறு மடங்கு உதவி. ஊறுகாயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அரிசியை எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்வதோடு சரி. அறிவிக்கப்பட்ட பொருள் அனுமதி இல்லாததாகவே இருந்தாலும் அதற்காக அபராதம் கிடையாது என்பது அந்த நாட்டின் அறிவிக்கப்பட்ட விதி.

அறிவிக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2022-ல் டார்வின் விமான நிலையத்தில் நடந்தது ஓர் உதாரணம். பாலியிலிருந்து வந்த ஒருவரின் பையில் இரண்டு மெக்மஃபின் ரொட்டிகளும் பன்றி இறைச்சி வைத்த ஒரு குரோசானும் இருந்தன. மோப்ப நாய் கண்டுபிடித்தது. அப்போது இந்தோனேசியாவில் கோமாரி பரவிக்கொண்டிருந்த நேரம். அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர். அதன் பிறகு அபராதத்தின் உச்சவரம்பு இன்னும் ஏறியிருக்கிறது. வருகையாளர் விசாவில் வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2019 ஏப்ரலில் விதிகள் மாறியதும், உணவை மறைத்துக் கொண்டுவருகிறவர்களின் விசாவை விமான நிலையத்திலேயே ரத்து செய்யும் அதிகாரம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிட்னியில் வந்திறங்கிய வியட்நாம் பெண் ஒருவரின் பெட்டியில் பச்சைப் பன்றி இறைச்சி உட்படக் கிலோ கணக்கில் அறிவிக்காத உணவு இருந்தது. விசா ரத்தாகி, வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டார். பேத்தியின் முகத்தைப் பார்க்காமலே திரும்புவதற்கு ஐந்து கிலோ அரிசி காரணமாக இருக்கக் கூடாது.

அட்டையைப் பிள்ளைகளோ பக்கத்து இருக்கைக்காரரோ நிரப்பிக் கொடுத்தாலும், கையெழுத்துப் போடுகிறவரே பொறுப்பு. ஆங்கிலம் தெரியாது, அவர்தான் எழுதினார் என்பது அங்கே எடுபடாது. ஆகவே யார் எழுதினாலும் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெட்டியில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லி, அதன்பின் கையெழுத்துப் போடுங்கள். பெட்டியை மகளோ உறவினரோ கட்டிக் கொடுத்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் சாப்பிடக் கொடுத்த ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் கைப்பையில் போட்டுக்கொள்ளாமல் இருக்கையிலேயே விட்டுவிட வேண்டும்.

‘இல்லை’ போட்டுவிட்டு, பெல்ட்டில் பெட்டி சுற்றி வரும்போது கறிவேப்பிலை நினைவுக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இருக்கிறது. சோதனைப் பகுதிக்கு முன்னால், வேண்டாத உணவைப் போடுவதற்கென்றே தொட்டிகள் வைத்திருக்கிறார்கள், அங்கே போட்டுவிடலாம். எடுக்க முடியாத அடியில் இருந்தால், அட்டையை வாங்கும் அதிகாரியிடம் பெட்டி சோதனைக்குப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். “வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்று அவர்களே கேட்பார்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘ஃபுட்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி, பெட்டியைக் கையால் காட்டினால் போதும்.